விரைவீக்கம்

விரைவீக்கம் (ஹைட்ரோசீல்) என்பது விரையைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வின் இடையே நீர் சேர்ந்து விதைப்பை பெருத்தலாகும். முதியோரிடம் இது பெரும்பாலும் தெளிவான காரணமின்றி, வலியில்லாமல் மெல்ல வளரும். காயம், தொற்று, விரைக்கட்டி ஆகியவற்றாலும் நீர் சேரலாம். கியூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் நோய் உள்ள பகுதிகளில் அந்நோயும் முக்கியக் காரணம்.

கண்டறிதல்: வீக்கத்தின் மேல்விளிம்பை விரல்களால் பற்ற முடிந்தால் அது விதைப்பைக்குள்ளேயே உள்ளது; குடலிறக்கமாயின் மேல்விளிம்பு அகப்படாது. இருட்டறையில் பின்புறமிருந்து டார்ச் ஒளி பாய்ச்சினால் தெளிந்த நீர் செந்நிறமாக ஒளிரும். சவ்வு தடித்தாலோ நீரில் இரத்தமோ சீழோ கலந்தாலோ ஒளி ஊடுருவாது. நீருக்குள் விரை கைக்குத் தட்டுப்படாதபோது, உள்ளே புற்றுக்கட்டி மறைந்திருக்கிறதா என அறிய அல்ட்ராசவுண்ட் தேவை.

மருத்துவம்: சிறிய, தொல்லை தராத வீக்கத்தைக் கண்காணித்தால் போதும். சவ்வு எஞ்சியிருப்பதால் ஊசியால் உறிஞ்சிய நீர் பெரும்பாலும் மீண்டும் சேரும். தொற்று, இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. நடக்க இடையூறாகும் பெரிய வீக்கத்துக்கு அறுவையே நிலையான தீர்வு. தடித்த சவ்வு வெட்டப்பட்டோ பின்புறம் திருப்பப்பட்டோ தைக்கப்படும் (ஜாபுலே முறை). மெல்லிய சவ்வு மடித்துத் தைக்கப்படும் (லார்ட் முறை). இரத்தக்கட்டு பொதுவான பின்விளைவு. திடீர் வலி, காய்ச்சல், கெட்டியான கட்டி ஆகியவை உடனடிப் பரிசோதனைக்குரியவை.