ஏற்பு மாதிரியெடுப்பு (மூலப்பொருட்கள்)

ஏற்பு மாதிரியெடுப்பு என்பது, தொழிற்சாலைக்கு வந்துசேரும் மூலப்பொருள் தொகுதி ஒன்றை முழுவதும் சோதிக்காமல், அதிலிருந்து எடுக்கப்படும் மாதிரியைச் சோதித்து அத்தொகுதியை ஏற்பதா நிராகரிப்பதா எனத் தீர்மானிக்கும் புள்ளியியல் முறை ஆகும். எத்தனை அலகுகளைச் சோதிக்க வேண்டும், அவற்றுள் எத்தனை குறையுடையனவாக இருந்தால் தொகுதியை ஏற்கலாம் என்பவற்றை முன்கூட்டியே வரையறுப்பது மாதிரியெடுப்புத் திட்டம் எனப்படும். இத்திட்டங்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் முதன்மையான சுட்டெண் ஏற்கத்தக்க தர அளவு ஆகும். இது சுருக்கமாக ஏ.கியூ.எல். என வழங்கப்படுகிறது.

உணவு, மருந்து, அழகுப்பொருள் முதலிய தொழில்களில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. சோதனைக்காகப் பிரிக்கப்பட்ட மூட்டை பெரும்பாலும் மீண்டும் பயன்படாது. ஆகவே இத்தொழில்களில் எல்லா அலகுகளையும் சோதிப்பது இயலாத செயலாகும்.

## வரலாறு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிய அரோல்டு டாட்சு, ஆரி ரோமிக் ஆகியோர் 1920களில் இம்முறையின் அடிப்படைகளை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறை பெருமளவில் வாங்கிய தளவாடங்களைச் சோதிக்க இது விரிவாக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1950 இல் மில்-எசுடிடி-105ஏ என்னும் படைத்துறைத் தரம் வெளியானது. இதன் இறுதிப் பதிப்பு 1995 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனினும் இதன் அட்டவணைகள் பெரிதும் மாறாமல் ஐ.எசு.ஓ. 2859-1 என்னும் அனைத்துலகத் தரத்தில் தொடர்கின்றன. இந்தியாவில் ஐ.எசு. 2500 (பகுதி 1) இதனைத் தழுவியதாகும்.

## ஏற்கத்தக்க தர அளவு

ஏற்கத்தக்க தர அளவு என்பது, ஒரு வழங்குநரிடமிருந்து தொடர்ச்சியாகத் தொகுதிகள் வரும்போது, சராசரியாகப் பொறுத்துக்கொள்ளத்தக்க மிக மோசமான தரத்தைக் குறிக்கும். இது 100 அலகுகளுக்கு இத்தனை குறையுடைய அலகுகள் என்ற வீதத்தில் கூறப்படுகிறது.

இச்சொல் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஏ.கியூ.எல். 1.0 என்றால், ஏற்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியிலும் குறையுடைய அலகுகள் 1 விழுக்காட்டுக்கு மேல் இரா என்பது பொருளன்று. 1 விழுக்காடு குறையோடு வழங்குபவரின் தொகுதிகள் பெரும்பாலும் ஏற்கப்படும் என்பதே அதன் பொருள். அதாவது இந்த எண் முதலில் வழங்குநருக்கே பாதுகாப்பளிக்கிறது. வாங்குநருக்கு உள்ள பாதுகாப்பை அறிய வேறொரு கணக்கீடு தேவைப்படுகிறது. 'ஏற்கத்தக்க' என்ற சொல் குறைகளுக்கு அனுமதி வழங்குவதுபோல் தோன்றியதால், ஐ.எசு.ஓ. 2859-1 தரத்தின் 1999 ஆம் ஆண்டுப் பதிப்பில் இது 'ஏற்புத் தர எல்லை' எனப் பொருள்படும் பெயராக மாற்றப்பட்டது. சுருக்கப்பெயர் மாறவில்லை.

## எடுத்துக்காட்டு

இனிப்புத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு 25 கிலோ எடையுள்ள பால்மா மூட்டைகள் 1,000 வந்திறங்குவதாகக் கொள்வோம். மூட்டையின் உள்ளிருக்கும் பாலித்தீன் உறையின் வாய் சரியாக ஒட்டப்படாதிருந்தால் பால்மா ஈரத்தை ஈர்த்துக் கட்டியாகிவிடும். எனவே ஒட்டுக்குறை உள்ள மூட்டை குறையுடைய அலகு என வரையறுக்கப்படுகிறது. இதற்கு ஏ.கியூ.எல். 1.0 என வாங்குநரும் வழங்குநரும் உடன்பட்டுள்ளனர்.

அட்டவணையில் 501 முதல் 1,200 வரையிலான தொகுதிக்கு, வழக்கமாகப் பயன்படும் இரண்டாம் பொது ஆய்வு நிலையில், 'ஜே' என்னும் குறியெழுத்து தரப்பட்டுள்ளது. இக்குறியெழுத்துக்கு உரிய மாதிரி அளவு 80 ஆகும். ஏ.கியூ.எல். 1.0 நிரலில் ஏற்பு எண் 2 என்றும் நிராகரிப்பு எண் 3 என்றும் உள்ளது. எனவே 80 மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறையுடையவை 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 1,000 மூட்டைகளும் ஏற்கப்படும். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுத் தொகுதியும் நிராகரிக்கப்படும்.

## இயக்கப் பண்பு வளைவு

ஒரு திட்டம் உண்மையில் எவ்வளவு பாதுகாப்பளிக்கிறது என்பதை அதன் இயக்கப் பண்பு வளைவு காட்டுகிறது. வழங்குநரின் உற்பத்தியில் உள்ள குறை விழுக்காட்டுக்கு எதிராகத் தொகுதி ஏற்கப்படும் நிகழ்தகவை வரைந்தால் இவ்வளைவு கிடைக்கும். மேற்கூறிய திட்டத்துக்கு ஈருறுப்புப் பரவலைக்கொண்டு கணக்கிட்டால் பின்வரும் மதிப்புகள் கிடைக்கின்றன.

* குறை 1 விழுக்காடு எனில், 100 தொகுதிகளில் ஏறத்தாழ 95 ஏற்கப்படும்.
* குறை 2 விழுக்காடு எனில், ஏறத்தாழ 78 ஏற்கப்படும்.
* குறை 5 விழுக்காடு எனில், ஏறத்தாழ 23 ஏற்கப்படும்.
* குறை 6.5 விழுக்காடு எனில், ஏறத்தாழ 10 ஏற்கப்படும்.

முதல் வரியில் மீதமுள்ள 5 தொகுதிகள், நல்லவையாக இருந்தும் நிராகரிக்கப்படுபவை. இது வழங்குநர் இடர் எனப்படும். கடைசி வரியில் உள்ள 10 தொகுதிகள், மோசமானவையாக இருந்தும் ஏற்கப்படுபவை. இது வாங்குநர் இடர் எனப்படும். உடன்பாட்டில் எழுதப்பட்டது 1 விழுக்காடாக இருந்தாலும், 100க்கு 90 முறை இத்திட்டம் பிடித்துவிடும் என்று வாங்குநர் நம்பக்கூடிய குறையளவு 6.5 விழுக்காடு ஆகும். 1,000 மூட்டைகளில் இது 65 மூட்டைகளுக்குச் சமம். இந்த அளவு வாங்குநருக்கு ஏற்புடையதன்று எனில், அவர் சிறிய ஏ.கியூ.எல். மதிப்பையோ பெரிய மாதிரி அளவையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

## மாற்று விதிகள்

மேற்கண்ட அட்டவணை தனியொரு தொகுதிக்காக அமைக்கப்பட்டதன்று. தொடர்ந்து வரும் தொகுதிகளுக்காக, மாற்று விதிகளுடன் சேர்த்துப் பயன்படுத்துமாறு அது அமைக்கப்பட்டது. தொடர்ச்சியான 5 அல்லது அதற்குக் குறைவான தொகுதிகளில் 2 நிராகரிக்கப்பட்டால், இயல்பு ஆய்விலிருந்து கடும் ஆய்வுக்கு மாற வேண்டும். கடும் ஆய்வில் தொடர்ந்து 5 தொகுதிகள் ஏற்கப்பட்ட பின்னரே இயல்பு ஆய்வுக்குத் திரும்பலாம்.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் கடும் ஆய்வின்போது மாதிரி அளவு 80 ஆகவே இருக்கும். ஏற்பு எண் மட்டும் 2இலிருந்து 1ஆகக் குறையும். இதனால் 2 விழுக்காடு குறையுடைய தொகுதி ஏற்கப்படும் வாய்ப்பு 78இலிருந்து ஏறத்தாழ 52 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. பாதித் தொகுதிகள் திரும்பி வருவதை வழங்குநர் நெடுநாள் தாங்க இயலாது. தரத்தை உயர்த்தும் அழுத்தம் இவ்வாறே உண்டாகிறது. மாற்று விதிகளைக் கைவிட்டு அட்டவணையை மட்டும் பயன்படுத்தும் இடங்களில் இவ்வழுத்தம் இருப்பதில்லை. ஒருமுறை மட்டும் வாங்கப்படும் தொகுதிக்கு, வாங்குநர் இடரை நேரடியாக அடிப்படையாகக் கொண்ட ஐ.எசு.ஓ. 2859-2 பொருத்தமானதாகும்.

## மாதிரியை எடுத்தல்

மேற்கண்ட கணக்கீடுகள் அனைத்தும், தொகுதியிலுள்ள ஒவ்வொரு மூட்டைக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்கிறது என்னும் எடுகோளின்மேல் நிற்பவை. நடைமுறையில் சரக்குந்தின் பின்புறக் கதவை ஒட்டியுள்ள மூட்டைகளையும் அடுக்கின் மேல்வரிசையில் உள்ளவற்றையும் எடுப்பதே எளிது. தரையை ஒட்டிய மூட்டைகளில் ஈரமும், நடுவில் இருப்பவற்றில் பழைய உற்பத்தி நாளும் இருந்தால் அவை மாதிரியில் இடம்பெறா. இதனைத் தவிர்க்க, மூட்டைகளை இறக்கும்போதே அவற்றுக்கு வரிசை எண் கொடுத்து, சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து பெற்ற 80 எண்களுக்குரிய மூட்டைகளைத் தனியே எடுத்துவைப்பது வழக்கம். ஒரே சரக்கில் வெவ்வேறு உற்பத்தி நாட்களின் மூட்டைகள் கலந்திருந்தால், ஒவ்வொரு நாளின் மூட்டைகளும் தனித் தொகுதியாகக் கொள்ளப்பட வேண்டும்.

## பொதுவான தவறுகள்

### கலவை மாதிரி

ஆய்வகச் செலவைக் குறைக்க, 80 மூட்டைகளிலிருந்தும் சிறிதளவு எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்வதுண்டு. இது சராசரியை மட்டுமே தரும். பால்மாவின் ஈரப்பதம் 5 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது கோடெக்சு உணவுத் தரத்தின் வரம்பு. 80 மூட்டைகளில் 75இன் ஈரப்பதம் 3.5 விழுக்காடாகவும் 5இன் ஈரப்பதம் 8 விழுக்காடாகவும் இருந்தால், கலவையின் ஈரப்பதம் ஏறத்தாழ 3.8 விழுக்காடு ஆகும். சோதனை முடிவு வரம்புக்குள் இருக்கும். ஆனால் மூட்டைகளைத் தனித்தனியே சோதித்திருந்தால் 5 குறையுடையவை கண்டறியப்பட்டு, ஏற்பு எண் 2 ஆகையால், தொகுதி நிராகரிக்கப்பட்டிருக்கும்.

### மறு மாதிரி

நிராகரிக்கப்பட்ட தொகுதியிலிருந்து மீண்டும் ஒரு மாதிரியை எடுத்து, அதில் தேறினால் ஏற்றுக்கொள்வது மற்றொரு தவறாகும். 5 விழுக்காடு குறையுடைய தொகுதி ஒருமுறை தேறும் வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு. இரண்டு வாய்ப்புகள் கொடுத்தால் அது 41 விழுக்காடாகவும், மூன்று கொடுத்தால் 54 விழுக்காடாகவும் உயர்கிறது. முதலில் கிடைத்த முடிவைப் புறக்கணிப்பதால் திட்டத்தின் பாதுகாப்பு அழிந்துவிடுகிறது. இரட்டை மாதிரித் திட்டங்களில் இரண்டாம் மாதிரி உண்டு. ஆனால் அங்கே அது முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. இரு மாதிரிகளிலும் கண்ட குறைகள் கூட்டிக் கணக்கிடப்படுகின்றன.

அமெரிக்காவில் 2008-2009 இல் பீனட் கார்ப்பரேசன் ஆஃப் அமெரிக்கா என்னும் நிறுவனத்தின் நிலக்கடலைப் பொருட்களால் சால்மோனெல்லா தொற்று பரவியது. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 9 இறப்புகள் இத்தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டன. கிருமி உள்ளதெனச் சோதனையில் தெரிந்த பின்னரும், மறு சோதனையில் இல்லையென வந்ததைக் காட்டிச் சில தொகுதிகள் அனுப்பப்பட்டது அரசு ஆய்வில் தெரியவந்தது. அந்நிறுவனத்தின் கடலை விழுதை மூலப்பொருளாக வாங்கிய பல நிறுவனங்கள் தம் பொருட்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. நிறுவனத்தின் தலைவருக்கு 2015 இல் 28 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

## வரம்புகள்

நோய்க்கிருமி போன்ற உயிருக்கு ஊறு செய்யும் குறைகளுக்கு ஏ.கியூ.எல். பயன்படுத்தப்படுவதில்லை, அவற்றுக்கு ஏற்பு எண் 0 ஆகும். ஆனால் 0 என்ற ஏற்பு எண் தொகுதியில் குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது. சால்மோனெல்லாவுக்கான மிகக் கடுமையான திட்டங்களுள் ஒன்றில் 25 கிராம் அளவுள்ள 60 மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. தொகுதியின் 5 விழுக்காட்டுப் பகுதிகளில் கிருமி இருந்தால், இத்திட்டம் ஏறத்தாழ 95 விழுக்காடு வாய்ப்புடன் அதைக் கண்டுபிடிக்கும். 1 விழுக்காட்டுப் பகுதிகளில் மட்டும் இருந்தால், அத்தொகுதி ஏற்கப்படும் வாய்ப்பு 54 விழுக்காட்டுக்கும் மேலாகும்.

இதனால் நோய்க்கிருமி இடர் உள்ள மூலப்பொருட்களில், வந்திறங்கிய பின் செய்யும் சோதனை ஒரு சரிபார்ப்பாக மட்டுமே கொள்ளப்படுகிறது. வழங்குநரின் உற்பத்தியிடத்தைத் தணிக்கை செய்தலும், வறுத்தல், பாச்சர்முறை போன்ற கிருமிகளை அழிக்கும் படிநிலைகளின் வெப்பநிலை, நேரப் பதிவுகளைப் பெறுதலும் முதன்மையான கட்டுப்பாடுகளாக அமைகின்றன.