எதனோடு ஒப்பிட்டார்கள்? இரண்டு ஆய்வுகளின் பின்புலம்

ஆய்வு முன்மொழிவில் பின்புலப் பகுதியை எழுதும் பலருக்கும் ஒரு வாக்கியம் எளிதில் கைக்கு வந்துவிடுகிறது: "இது குறித்து இன்னும் போதிய ஆய்வுகள் இல்லை." அதற்கு முன்னால் இருபது மேற்கோள்கள் நிற்கும். அந்த இருபதுக்கும் இந்த வாக்கியத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று பார்க்க, மருத்துவ ஆய்வின் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒன்றில், அடைபட்டுவிட்ட இடைவெளியைத் திறந்திருப்பதாகப் பலர் தொடர்ந்து எழுதினார்கள். மற்றதில், அடைபட்டுவிட்டதாக உலகமே நம்பிய ஓர் இடைவெளி உண்மையில் திறந்தே கிடந்தது.

முதலாவது, அப்ரோடினின். இதய அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைக்கப் பயன்பட்ட மருந்து. இரண்டாவது, கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு. கடும் காய்ச்சலோடும் இரத்த ஓட்டத் தளர்ச்சியோடும் வரும் குழந்தைக்குத் திரவத்தை நரம்புவழி விரைவாக ஏற்றலாமா என்பது அதன் கேள்வி.

அப்ரோடினின் பற்றி 1987 முதல் 2002 வரை வெளிவந்த 64 சமவாய்ப்பு ஆய்வுகளைக் கனடாவின் டீன் ஃபெர்குசனும் அவர் குழுவினரும் கால வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். 1992-இன் நடுவில், பன்னிரண்டாவது ஆய்வு வந்தபோதே, இம்மருந்து இரத்தமேற்றும் தேவையைப் பெரிதும் குறைக்கிறது என்ற விடை உறுதிப்பட்டுவிட்டது. அதன்பின் வந்த ஆய்வுகள் அந்த விடையை அசைக்கவே இல்லை. ஆனாலும் ஆய்வுகள் நிற்கவில்லை. காரணத்தை அவர்கள் மேற்கோள் பட்டியல்களில் தேடினார்கள். ஒவ்வோர் ஆய்வும் தனக்கு முன் வெளியானவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத்தான் சுட்டியிருந்தது. 1992-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வை, அதன்பின் வந்த 44 கட்டுரைகளில் ஏழு மட்டுமே குறிப்பிட்டிருந்தன. முன்னோர் சொன்னதில் பெரும்பகுதியை விட்டுவிட்டால் எந்தத் துறையிலும் இடைவெளி தென்படத்தான் செய்யும்.

ஃபீஸ்ட் ஆய்வுக்கு வந்த இடர் இதற்கு நேர்மாறு. அங்கே மேற்கோள்களுக்குக் குறைவில்லை. எல்லாமே "திரவம் ஏற்று" என்றுதான் சொல்லின. அமெரிக்கக் குழந்தைநல வழிகாட்டுதல்கள் முதல் ஒரு மணி நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லி வரையோ அதற்கு மேலோ தரப் பரிந்துரைத்தன. இத்தனை ஒருமித்த குரலுக்கு நடுவே, திரவத்தை விரைந்து ஏற்றாமல் ஒரு குழுவை வைத்துப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிவு எழுதுபவர் தன் வாசகரை எப்படி இணங்க வைப்பார்?

வழி, ஒவ்வொரு மூலத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான்: இதில் எதை எதனோடு ஒப்பிட்டார்கள்? மூலங்களின் முடிவுகளை வரிசையாகச் சுருக்கி எழுதினால் இந்தக் கேள்வி மறைந்துபோகும். ஒரு தாளில் கட்டம் போட்டு, யாரிடம், எதை, எதனோடு, என்ன விளைவை அளந்தார்கள் என்று நான்கு பத்திகளில் நிரப்பினால் அது வெளியே வரும். ஃபீஸ்டுக்கு முந்திய முக்கிய மூலங்களை நாமே நிரப்பிப் பார்ப்போம்.

1991-இல் வாஷிங்டனிலிருந்து வந்த ஆய்வு 34 குழந்தைகளைப் பற்றியது. முதல் மணி நேரத்தில் அதிகத் திரவம் பெற்றவர்கள் நன்கு பிழைத்தார்கள் என்றது. ஆனால் அது நடந்ததைக் கவனித்து எழுதிய ஆய்வு. யாருக்கு எவ்வளவு என்று குலுக்கிப் பிரிக்கவில்லை. எல்லோருமே திரவம் பெற்றவர்கள். அடுத்து வியட்நாமின் டெங்கு ஆய்வுகள். 2005-இல் வெளியான பெரிய ஆய்வு 383 குழந்தைகளிடம் மூன்று வகைத் திரவங்களை ஒப்பிட்டது. அங்கேயும் திரவத்துக்கு எதிரே திரவம். பிறகு சென்னைக் குழந்தைகள் நல நிலையத்திலிருந்து 2008-இல் வெளியான ஆய்வு. செப்டிக் ஷாக்கோடு வந்த 147 குழந்தைகளில் ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 40 மில்லியைப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றினார்கள். மற்றதற்கு இருபது இருபது மில்லியாக, ஒரு மணி நேரத்தில் 60 மில்லி வரை போனார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. வேகம் மாறியது, எதிரணி மாறவில்லை.

கட்டத்தின் மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், எழுதியவர் எதுவும் சொல்லாமலே இடைவெளி தெரிகிறது: திரவம், திரவம், திரவம். விரைந்து ஏற்றாத குழு இந்த மூலங்களில் எதிலும் இல்லை. இந்த வரிசையில் மூலங்களை வைத்தால் பின்புலத்தின் கடைசி வாக்கியம் வாதாட வேண்டியதில்லை. வாசகர் தானாகவே அதற்கு வந்து சேர்ந்திருப்பார்.

இப்போது அப்ரோடினினுக்குத் திரும்பி அதே மூன்றாவது பத்தியைப் படித்தால் வியப்பு காத்திருக்கிறது. ஃபெர்குசன் கூட்டிப்பார்த்த ஆய்வுகளில் எதிரணியாக நின்றது மருந்துப்போலி, அல்லது எந்த மருந்தும் இல்லாமை. அங்கே குறைவாக இருந்தது வேறொரு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பீடு. டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மலிவான மருந்துகள் அருகிலேயே இருந்தன. ஆக ஒரு துறை எதையும் வெறுமையோடு ஒப்பிடாமலே நம்பியது. மற்றத் துறை பெரும்பாலும் வெறுமையோடே திரும்பத் திரும்ப ஒப்பிட்டது. இரண்டு இடைவெளிகளில் ஒன்றின் எதிர்ப்பிம்பம் மற்றது. இரண்டும் ஒளிந்திருந்த இடம் ஒன்றே, அந்த மூன்றாவது பத்தி.

இந்த உறவு இன்னும் ஒரு படி போகிறது. இரு துறைகளிலும் இடைவெளியைக் கிட்டத்தட்ட அடைக்கும் மூலங்கள் இருந்தன. அப்ரோடினினை டிரானெக்ஸாமிக் அமிலத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஆனால் இறப்பு போன்ற அரிய விளைவைப் பற்றிப் பேச அவற்றின் அளவு போதவில்லை. கென்யாவில் கடும் மலேரியா கண்ட குழந்தைகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்விலும், ஒரு பகுதியினருக்கு விரைவுத் திரவம் தராத குழு இருந்தது. அதுவும் சிறியது. மலேரியாவுக்கு அப்பால் பேசவில்லை. முன்மொழிவு எழுதுபவருக்கு இத்தகைய மூலங்களை மறைக்கத் தோன்றும், தன் இடைவெளி சுருங்கிவிடுமோ என்று. நான் அவற்றைத்தான் இடைவெளி வாக்கியத்துக்கு மிக அருகில் வைக்கச் சொல்வேன். "ஒருவரும் செய்யவில்லை" என்பதைவிட, "செய்தவர்கள் இத்தனை பேரிடம், இந்த ஒரு நோயில், இந்த விளைவைத்தான் அளந்தார்கள்" என்பது உறுதியான கூற்று. மதிப்பீட்டாளர் அந்தச் சிறு ஆய்வை அறிந்திருந்தால், அது விடுபட்டதைக் கண்டதும் மற்ற மேற்கோள்களையும் ஐயத்தோடுதான் படிப்பார்.

ஒரு வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. காலியான கட்டம் மட்டுமே இடைவெளி ஆகாது. யாரும் பார்க்காத ஒப்பீடுகள் எல்லையற்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கத் தேவையும் இல்லை. கட்டம் காலியாக இருப்பதோடு, அங்கே விடை வேறாக இருக்கலாம் என்று நினைக்க ஒரு காரணமும் வேண்டும். அப்ரோடினினுக்கு அந்தக் காரணம் பின்னாளில்தான் வலுத்தது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆபத்து உண்டோ என்ற கவலையை 2006-இல் வந்த ஒரு பெரிய கவனிப்பு ஆய்வு கிளப்பியது. ஃபீஸ்டுக்கோ அந்தக் காரணம் மருத்துவமனையின் அமைப்பிலேயே இருந்தது. வழிகாட்டுதல்கள் செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடங்களின் அனுபவத்திலிருந்து வந்தவை. நுரையீரலில் நீர் கோத்தால் அங்கே தாங்கிப் பிடிக்க வழி உண்டு. கென்யா, உகாண்டா, தான்சானியாவின் மருத்துவமனைகளில் அது பொதுவாக இல்லை. ஆகவே பின்புலத்தில் இரண்டு இழைகள் ஓட வேண்டும்: எது பார்க்கப்படவில்லை என்பதற்கான மேற்கோள்கள், ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கான மேற்கோள்கள். முதல் இழை மட்டும் இருந்தால், "இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்ற வகைப் பின்புலம்தான் கிடைக்கும்.

தன் பின்புலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுதுபவர் எப்படிக் கண்டுகொள்வார்? இடைவெளி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை ஒரு சக ஆய்வாளரிடம் கொடுத்து, அடுத்து என்ன ஆய்வு வர வேண்டும் என்று கேட்கலாம். அவர் சொல்வது நம் கேள்வியோடு பொருந்தினால் மேற்கோள்கள் வழிநடத்துகின்றன. அவர் மூன்று வெவ்வேறு ஆய்வுகளைச் சொன்னால், தொடர்பற்ற மூலங்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றை எடுத்துவிடலாம். "இது முன்பே தெரிந்ததுதானே" என்று சொன்னால் நாம் அப்ரோடினின் வரிசையில் அறுபத்தைந்தாவதாக நிற்கிறோம். அப்போது மாற்ற வேண்டியது வாக்கியத்தை அல்ல, கேள்வியை.

இரு துறைகளிலும் உண்மையான இடைவெளிக்குள் ஆய்வு இறங்கியபோது நடந்ததும் ஒத்திருந்தது. அப்ரோடினினை இரண்டு மலிவான மருந்துகளோடு நேரடியாக ஒப்பிட்ட பார்ட் ஆய்வு கனடாவில் நடந்தது. அதை முன்னின்று எழுதியவரும் அதே ஃபெர்குசன்தான். அப்ரோடினின் குழுவில் இறப்பு கூடியதால் அது முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. 2008-இல் வெளியான கணக்குப்படி அப்ரோடினின் பெற்றவர்களில் இறப்பு 6 சதவீதம், மற்ற இரு குழுக்களில் 4 சதவீதத்தை ஒட்டி. ஃபீஸ்டும் 2011-இல் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நிறுத்தப்பட்டது. 3141 குழந்தைகளில், விரைவுத் திரவம் பெற்ற இரு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் பத்தரை சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். வழக்கமான அளவுத் திரவம் மட்டுமே பெற்றவர்களில் 7.3 சதவீதம்.

இன்று இவ்விரண்டும் மற்றவர்களின் பின்புலத்தில் மேற்கோள்களாக நிற்கின்றன. அதே கட்டத்தில் இவற்றையும் இட்டு, இம்முறை முதல் பத்தியைப் படிக்க வேண்டும். பார்ட் ஆய்வில் இருந்தவர்கள் அதிக ஆபத்துள்ள இதய அறுவைக்கு வந்தவர்கள். ஆபத்துக் குறைந்த எளிய அறுவைக்கு வருபவரைப் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை. ஃபீஸ்டில் வயிற்றுப்போக்கோடு வந்தவர்களும் கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய சிலர் தனிக் குழுவாக வைக்கப்பட்டு, எல்லோருக்குமே திரவம் தரப்பட்டது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்குத் திரவம் வேண்டாம் என்பதற்கு ஃபீஸ்டைச் சுட்டுகிற பின்புலம், அந்தக் கட்டுரை சொல்லாததை அதன் வாயில் வைக்கிறது.