இருபத்துநாலுக்கு எந்தப் பக்கம் வழி?

கையில் ஒரு பென்சில் இருக்கிறதா? 3, 3, 8, 8... இந்த நாலு எண்களையும் ஆளுக்கு ஒரே ஒரு முறை பயன்படுத்தி 24 கொண்டுவர வேண்டும். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். அடைப்புக்குறி இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். 3-ஐயும் 8-ஐயும் ஒட்டவைத்து 38 ஆக்குவது மட்டும் கள்ள ஆட்டம்!

நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் கொஞ்சம் பழைய கதை.

1881-ல் லண்டனில் ரிச்சர்ட் ப்ராக்டர் என்கிற வானியல் எழுத்தாளர் நடத்திய 'நாலெட்ஜ்' பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. நாலு 4-களை மட்டும் வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று எத்தனை எண்களை உண்டாக்க முடியும் என்பதுதான் அது. (4×4+4+4 போட்டால் 24 வருகிறது, பாருங்கள்!) சீனர்களின் விளையாட்டு இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. அங்கே இலக்கு மாறாது, எப்போதும் 24. கையில் வருகிற எண்கள்தான் மாறும். சீட்டுக்கட்டில் நாலு சீட்டை மல்லாத்துவார்கள். ஏஸ் என்றால் 1, ராஜா என்றால் 13. முதலில் விடை கண்டுபிடிப்பவருக்குச் சீட்டு. ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ராபர்ட் சன் என்ற பொறியாளர் 1988-ல் இதைத் தனி அட்டைகளாக அச்சடித்து விற்க, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் 24 நுழைந்துவிட்டது.

அதென்ன 24? 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு எண்களால் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். அதாவது, அந்த ஊருக்கு நிறைய வழி!

சரி, விடை வந்ததா? பெரும்பாலோர் 3×8=24 என்று உடனே பிடித்துவிடுவார்கள். அப்புறம் மிச்சமிருக்கும் 3-ஐயும் 8-ஐயும் எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "இதுக்கு விடையே கிடையாதுங்க!" என்று பென்சிலைப் போட்டுவிடுவார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி. விடை இல்லையா, நமக்குக் கிடைக்கவில்லையா? இரண்டும் ஒன்றல்லவே!

அதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. நாலு எண்களில் ஏதாவது இரண்டை எடுத்துச் சேருங்கள். இரண்டும் மறைந்து ஒன்று பிறக்கும். இப்போது மூன்று எண்கள். அதே மாதிரி செய்தால் இரண்டு. இன்னொரு தடவை செய்தால் ஒன்று. அது 24-ஆ என்று பார்க்க வேண்டியதுதான். அடைப்புக்குறியைப் பற்றித் தனியாகக் கவலைப்படவே வேண்டாம். எதை முதலில் சேர்க்கிறோமோ, அதைச் சுற்றித்தான் அடைப்புக்குறி!

மொத்தம் எத்தனை வழி? நாலில் இரண்டை 6 விதமாக எடுக்கலாம். எடுத்த இரண்டில் 6 கணக்கு போடலாம். கூட்டல் ஒன்று, பெருக்கல் ஒன்று. கழித்தலும் வகுத்தலும் முன்பின் மாறுவதால் தலா இரண்டு. ஆக 36. அடுத்த கட்டத்தில் 18, கடைசியில் 6. பெருக்கினால் 3,888. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வழிகூடக் கிடையாது. பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் அந்தப் பாதையை விட்டுவிட வேண்டும்.

நம் கணக்கில் எண்கள் இரட்டையாக இருப்பதால் முதல் கட்டம் 36-லிருந்து 14-ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பதினாலில் நாம் அருவருத்து ஒதுக்கிய ஒன்றும் இருக்கிறது. 8÷3. முழுசாக வகுபடாதே என்று தாண்டிப் போயிருப்போம். முறையாகத் தேடுகிறவர் தாண்ட மாட்டார். 8÷3 போட்டால் மிச்சம் 8/3, 3, 8. மூன்றிலிருந்து 8/3-ஐக் கழித்தால் 1/3. இப்போது கையில் 1/3, 8. எட்டை மூன்றில் ஒன்றால் வகுத்தால்... 24!

8 ÷ (3 − 8÷3) = 24

இதையே கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் 3,888 வழியையும் கண் இமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். ஆனால் அதுவும் ஒரு இடத்தில் சறுக்கும். 8/3-ஐத் தசமமாக வைத்துக்கொண்டால் கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டு, முடிவில் 23.99999999999999 என்று வந்து நிற்கும். "24 இல்லையே" என்று சரியான விடையை அது தூக்கி எறிந்துவிடும்! அதனால் பின்னத்தைப் பின்னமாகவே, மேலே ஓர் எண் கீழே ஓர் எண் என்று வைத்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும்.

இப்படி முழுக்கத் தேடியதால் ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. 1 முதல் 13 வரையிலான எண்களில் நாலு நாலாக எடுத்தால் (ஒரே எண் திரும்ப வரலாம், வரிசை முக்கியமில்லை) 1,820 கூட்டங்கள். அவற்றில் 1,362-க்கு 24 வரும். மீதி 458-க்கு யார் தலைகீழாக நின்றாலும் வராது. 1, 1, 1, 1 அந்த ரகம். அங்கே பென்சிலைக் கீழே போடுவது தோல்வியல்ல, அதுதான் விடை.

1, 5, 5, 5? அது அந்த ரகமில்லை. முதல் அடி 1÷5. மிச்சம் உங்கள் பாடு!