பறக்காத பூமியும் நாலு வரிப் பட்டியலும்

கல்லூரியில் மெய்ப்பட்டியல் படித்தபோது முதல் மூன்றும் சுலபமாக வந்துவிட்டன. 'என்றால்' மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. முன்பாதி பொய்யானால் முழு வாக்கியமும் மெய்யாம். ஏன்னு கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றார்கள். சரியான பதில் ரொம்ப வருஷம் கழித்து, கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த மெகாராவின் ஃபிலோவிடம் கிடைத்தது.

முதலில் சுலபமானவை. 'இல்லை' ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போடும்: மெய் பொய்யாகும், பொய் மெய்யாகும். இரண்டு வாக்கியங்கள் இருந்தால் நாலு சேர்க்கைகள்தான் சாத்தியம். 'மற்றும்' என்பதற்கு இரண்டுமே மெய்யாக இருக்கணும். 'அல்லது' என்பதற்கு ஒன்றாவது மெய்யாக இருந்தால் போதும். இரண்டும் மெய்யானாலும் சரிதான்.

இப்போது 'என்றால்'. மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிந்தால் மட்டுமே அது பொய் என்றார் ஃபிலோ. செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் இதை எழுதிவைத்திருக்கிறார், நாலு உதாரணங்களோடு. பகல் நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

பகல் என்றால் வெளிச்சம்: மெய், மெய். முழுதும் மெய்.
பகல் என்றால் இரவு: மெய், பொய். முழுதும் பொய்.
பூமி பறக்கிறது என்றால் பூமி இருக்கிறது: பொய், மெய். முழுதும் மெய்.
பூமி பறக்கிறது என்றால் அதற்குச் சிறகு உண்டு: பொய், பொய். முழுதும் மெய்.

```
p    q    p மற்றும் q   p அல்லது q   p என்றால் q
மெய்  மெய்  மெய்         மெய்         மெய்
மெய்  பொய்  பொய்         மெய்         பொய்
பொய்  மெய்  பொய்         மெய்         மெய்
பொய்  பொய்  பொய்         பொய்         மெய்
```

கடைசி இரண்டு வரியையும் 'பொய்' என்று மாற்றினால் என்ன? போட்டுப் பாருங்கள், அது அப்படியே 'மற்றும்' ஆகிவிடும். மூன்றாவதை மட்டும் மாற்றினால், p-யையும் q-வையும் இடம் மாற்றினாலும் ஒன்றே என்றாகிவிடும். நாலாவதை மட்டும் மாற்றினால் q-வின் பட்டியலே வந்து நிற்கும். P-க்கு அங்கே வேலையே இல்லை. ஆக, 'என்றால்' தனியாக நிற்க மிஞ்சியது ஃபிலோ சொன்ன வழிதான்.

ஆனால் அவருடைய ஆசிரியர் டயோடோரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "பகல் என்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நான் பேசும் நேரத்தில், ஃபிலோ கணக்கில் இது மெய். நான் வாயை மூடியதும் பொய். பகலுக்கும் என் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிய எப்போதுமே வழி இருக்கக்கூடாது என்றார் அவர்.

1879-இல் ஃப்ரேகே தன் குறியீட்டில் அந்த ஒரே ஒரு சேர்க்கையை மறுப்பதைத்தான் 'என்றால்' ஆக்கினார். 1921-இல் எமில் போஸ்ட்டும் விட்கென்ஸ்டைனும் தனித்தனியாகப் பட்டியல்களை அச்சில் கொண்டுவந்தார்கள். ஃபிலோ ஜெயித்துவிட்டார். ஆனாலும் இந்தப் பட்டியலுக்குக் காரணகாரியம் தெரியாது, மெய் பொய் மட்டுமே தெரியும். அன்று எனக்குச் சிக்கியது டயோடோரஸின் கேள்விதான் என்று இப்போது புரிகிறது.