முழுமையான நோயியல் மறுமொழி (மார்பகப் புற்றுநோய்)

அறுவை சிகிச்சைக்கு முன்பே கீமோதெரபி பெற்றவரின் உடலிலிருந்து அகற்றிய திசுவில், நுண்ணோக்கியில் தேடியும் ஊடுருவும் புற்றுச் செல் எதுவும் தென்படாத நிலையே முழுமையான நோயியல் மறுமொழி. மார்பகப் புற்றுநோயில் மார்பகம், அக்குள் நிணநீர்க் கணுக்கள் ஆகிய இரண்டிலும் புற்று இல்லாதிருக்க வேண்டும். அறிக்கையில் இது ypT0 ypN0 என்று இருக்கும். பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய, ஊடுருவாத புற்று மட்டும் மிஞ்சியிருந்தால் ypTis என்று எழுதுவார்கள். பெரும்பாலான ஆய்வுகள் அதையும் முழு மறுமொழியாகவே ஏற்கின்றன.

ஸ்கேனில் கட்டி மறைந்துவிட்டது என்பதும் இதுவும் ஒன்றல்ல. எம்ஆர்ஐ படத்தில் எதுவும் தெரியாத இடத்தில் நுண்ணோக்கி புற்றுச் செல்களைக் காட்டுவதுண்டு. மாறாக, மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றிப் புற்று முழுவதும் அழிந்திருப்பதும் உண்டு. ஆகவே படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது இன்றைய வழக்கமான மருத்துவம் அல்ல.

ஒரு மாதிரி நேர்வைப் பார்ப்போம். 48 வயதுப் பெண்; மார்பகத்தில் 3.5 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு கணுவில் பரவல், ஹெர்2 பாசிட்டிவ், ஹார்மோன் ஏற்பிகள் நெகட்டிவ். கீமோவில் கட்டி கரைந்துவிட்டால் அது இருந்த இடமே தெரியாமல் போகும் என்பதால், முதலிலேயே கட்டிக்குள்ளும் அந்தக் கணுவுக்குள்ளும் சிறு உலோகக் கிளிப் வைக்கப்படுகிறது. பிறகு டோசிடாக்சல், கார்போபிளாட்டின், டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் ஆகிய நான்கு மருந்துகள், 21 நாளுக்கு ஒருமுறை, 6 சுற்று. சில வாரம் கழித்து அறுவை சிகிச்சை.

அகற்றிய திசுவை எக்ஸ்ரே எடுத்து, கிளிப் அதற்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நோயியல் மருத்துவர் கிளிப் உள்ள பகுதியைத் துண்டு துண்டாக அறுத்துப் பழைய கட்டிப் படுகையைத் தேடுகிறார். அங்கே நார்த்தழும்பும், இறந்த செல்களை விழுங்கிய நுரைபோன்ற விழுங்கு செல்களும் இருக்கும். அந்தத் தழும்பைக் கண்டு, அதற்குள் புற்று இல்லை என்று சொன்னால்தான் முடிவை நம்பலாம். படுகையையே கண்டுபிடிக்காமல் ‘புற்று இல்லை’ என்று எழுதிய அறிக்கை, தவறான இடத்திலிருந்து திசு எடுத்ததாலும் வந்திருக்கலாம். அறிக்கையில் கட்டிப் படுகை, கிளிப் இரண்டும் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்வி.

முழு மறுமொழி கிடைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது. 2014இல் லான்செட் இதழில் வெளியான, சுமார் 12,000 பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு இதைக் காட்டியது. ஹெர்2 பாசிட்டிவ், ஹார்மோன் நெகட்டிவ் வகையிலும் மும்மை நெகட்டிவ் வகையிலும் இந்தத் தொடர்பு மிக வலுவானது. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் வகையில் முழு மறுமொழி அரிது. அது கிடைக்காத பலரும், பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளால் நன்றாகவே வாழ்கிறார்கள். அவர்கள் அறிக்கையில் முழு மறுமொழி இல்லை என்ற ஒரு வரியைப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை.

நம் நேர்வில் புற்று எதுவும் மிஞ்சவில்லை என்றால், புதிய கீமோ இல்லை. ஹெர்2 எதிர்ப்பு மருந்து மட்டும், மொத்தம் ஓராண்டு நிறையும்வரை தொடரும். இடையிடையே எக்கோ எடுத்து இதயத்தைக் கவனிப்பார்கள். சிறு எச்சம் மிஞ்சியிருந்தால் பாதை மாறுகிறது. கேத்தரின் ஆய்வில் அத்தகையோருக்கு டிராஸ்டுசுமாபையே தொடர்வதற்குப் பதிலாக, அதனுடன் கீமோ மருந்தை இணைத்த டி-டிஎம்1 14 சுற்று கொடுத்தார்கள். மூன்றாண்டு முடிவில், ஊடுருவும் நோய் இல்லாமல் இருந்தவர்கள் டி-டிஎம்1 குழுவில் 88%, டிராஸ்டுசுமாப் குழுவில் 77%. 2019இல் இந்த முடிவு வெளியானபின் சிகிச்சை முறையே மாறியது. மும்மை நெகட்டிவ் வகையில் எச்சம் இருந்தால் கேப்சிடபின் மாத்திரை தரலாம் என்பதற்கு, ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த கிரியேட்-எக்ஸ் ஆய்வு அடிப்படை. கீமோவை அறுவைக்கு முன்னால் கொடுப்பதன் பெரிய ஆதாயத்தை இங்கே காணலாம்: யாருக்குக் கூடுதல் மருந்து தேவை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

முழு மறுமொழியைக் ‘குணமாகிவிட்டது’ என்று படிக்கக்கூடாது. நுண்ணோக்கி பார்த்தது மார்பகத்தையும் கணுவையும் மட்டுமே. எலும்பிலோ மூளையிலோ முன்பே தங்கிய செல்களை அது காணாது. தொடக்கத்திலேயே கட்டி பெரிதாகவோ கணுக்கள் பல பாதிக்கப்பட்டோ இருந்தவர்களுக்கு, முழு மறுமொழிக்குப் பிறகும் ஆபத்து சற்றுக் கூடுதல். மூளைக்குள் மருந்துகள் எளிதில் புகாததால், ஹெர்2 வகையில் திரும்பும் நோய் சிலருக்கு முதலில் அங்கேயே தலைகாட்டுகிறது. கேத்தரின் ஆய்வில் டி-டிஎம்1 கூட மூளைப் பரவலைக் குறைக்கவில்லை. முழு மறுமொழி கிடைத்தவருக்கும் புதிதாக வந்து நீங்காத தலைவலி, தடுமாற்றம், வலிப்பு ஆகியவை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள்.