ஜூஸ்ல போடுற ஐஸ் எந்த தண்ணியில செஞ்சது? ஓசூர்க்காரங்க கவனிக்க வேண்டியது இதுதான்!

வெயில் ஏறினாலே ஓசூர் பஸ் ஸ்டாண்டிலும் சிப்காட் கேட்டுகளிலும் கரும்பு ஜூஸ், லெமன் சோடா கடைகளில் கூட்டம்தான். ஷிப்ட் முடிந்து வருபவர்கள் பழத்தைப் பார்ப்பார்கள், டம்ளரைப் பார்ப்பார்கள். ஐஸை யாரும் பார்ப்பதில்லை.

உறைந்தால் கிருமி செத்துடுமா?

சாகாது. ஈ.கோலை போன்ற பல பாக்டீரியாக்கள் பனிக்கட்டிக்குள் உயிரோடு இருக்கும். ஐஸ் உருகியதும் அவை நேராக ஜூஸில் கலந்துவிடும். அதனால், சாப்பிடும் ஐஸைக் குடிநீரில்தான் செய்ய வேண்டும். குடிநீர் தரத்தின்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது.

நீல ஐஸ் எதற்கு?

மீனை கெடாமல் வைக்கும் ஐஸுக்கு குடிநீர் தேவையில்லை என்று நினைத்து போர், டேங்கர் தண்ணீரை அப்படியே ஊற்றுபவர்கள் உண்டு. அதே பார் ஐஸ் ஜூஸ் கடைக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ ஒரு உத்தரவு போட்டது. சாப்பிடாத ஐஸில் 10 பிபிஎம் வரை இண்டிகோ கார்மைன் அல்லது பிரில்லியன்ட் ப்ளூ நிறம் சேர்க்க வேண்டும். ஆக, ஜூஸ் கடையில் நீல ஐஸ் இருந்தால் அது தப்பு.

வெள்ளையா இருந்தா ஓகேவா?

அங்கேதான் சிக்கல். நிறம் சேர்க்காமலேயே விற்றால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாரின் நடுவில் தெரியும் வெள்ளைக் கோடும் அழுக்குக்கு ஆதாரம் அல்ல. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது காற்றும் உப்பும் நடுவில் ஒதுங்குவதால் வருவது அது.

நல்ல தண்ணீரில் செய்த ஐஸும் வழியில் கெடலாம். சாக்கில் சுற்றி, தரையில் போட்டு உடைத்து, கையால் அள்ளினால் எல்லாம் வீண்தான்.

எப்படி செக் பண்றது?

கடைக்காரரிடம் ஐஸ் எங்கிருந்து வருது என்று கேளுங்கள். சீல் வைத்த க்யூப் பாக்கெட் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்க வேண்டும். மாநில உரிமம் பெற்ற ஆலை தமிழ்நாட்டில் இருந்தால் 124 என்றும், அத்திப்பள்ளி பக்கம் கர்நாடகாவில் இருந்தால் 112 என்றும் எண் தொடங்கும். நீல ஐஸ் விதி நாடு முழுக்க ஒன்றுதான், எல்லை தாண்டி வந்தாலும் மாறாது.

சாக்கில் பார் ஐஸ் வருகிறதா? "ஐஸ் போடாம குடுங்க அண்ணா" என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு. புகார் சொல்ல தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.