சம்பள நாளுக்கு முந்திய கூடை: கோல சிலாங்கூர் இணையக் கடையின் புனல் வரைபடத்தில் விலகலை வாசித்தல்

இணையக் கடையின் புனல் வரைபடம் சொல்லும் செய்தி உண்மையில் மிகச் சிறியது. குறிப்பிட்ட நாள்களுக்குள் எத்தனை பேர் பொருளைப் பார்த்தார்கள், எத்தனை பேர் கூடையில் போட்டார்கள், எத்தனை பேர் முகவரி கொடுத்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்ற நான்கைந்து எண்களை மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்த எண்ணிக்கையை விலகல் என்கிறோம். இதுவரை சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் அதைப் பார்ப்பவர் உடனே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார். விலகியவர் வாங்கவில்லை என்பது ஒன்று. எண் அதிகமாகச் சரிந்த படியில்தான் கோளாறு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரைபடத்தில் இல்லை, பார்ப்பவர் கொண்டுவந்து சேர்ப்பவை. வட சிலாங்கூரின் தோட்டப்புறம் போன்ற ஓர் இடத்தில் இரண்டுமே பொய்த்துப்போகக்கூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விற்பனையைப் படிகளாகப் பார்க்கும் வழக்கத்தை 1898இல் அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸோடு தொடங்குவது மரபு. புனல் என்ற உருவகம் அதனோடு சேர்ந்தது 1924இல், கடன்பத்திர விற்பனை பற்றி வில்லியம் டவுன்சென்ட் எழுதிய நூலில். அந்த விற்பனையாளர் வாடிக்கையாளரை நேரில் பார்த்தார். போனவர் ஏன் போனார், திரும்பி வருவாரா என்று அவருக்கு ஓரளவு தெரியும். இன்றைய வரைபடத்துக்கு ஆளைத் தெரியாது. ஓர் உலாவியில் பதிந்த அடையாள எண்ணையும் அதில் நடந்த நிகழ்வுகளையும் மட்டுமே அது அறியும்.

பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தையில், இணையவழியாகச் சேலை விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், தஞ்சோங் காராங், அதற்கு அப்பாலுள்ள செம்பனைத் தோட்டங்கள் வரை அதன் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. கடை தன் பண்டிகை விற்பனையைச் செப்டம்பர் 20இல் தொடங்கி, மாதக் கடைசியில் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறது என்று கொள்வோம். இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பணம் கட்டும் பகுதிக்குள் நுழைந்தவர்கள் 120 பேர். முகவரியை முடித்தவர்கள் 72. பணம் கட்டியதாகப் பதிவானவர்கள் 18. முகவரிப் படியில் 48 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பது பேர் விலகியிருக்கிறார்கள். பணப் படியில் விலகியவர்கள் 54 பேர், நூற்றுக்கு எழுபத்தைந்து. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண் போவது பணப் படிக்குத்தான். விலை அதிகம், தள்ளுபடி கொடுத்தால் கட்டுவார்கள் என்று கடைக்காரர் முடிவெடுப்பார்.

அந்த 54 பேரையும் கடையின் வங்கிக் கணக்கு, புலனத்தில் வந்த ஆர்டர்கள், பொட்டலம் அனுப்பிய பதிவேடு மூன்றையும் வைத்து ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். 24 பேர் அக்டோபர் முதல் வாரத்தில் வந்து பணம் கட்டியிருக்கிறார்கள். 12 பேர் விவரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துப் புலனத்தில் அனுப்பி, "அண்ணே, இந்தச் சேலைதான், காசு போட்டுட்டேன்" என்று சொல்லிப் பணத்தை நேரடியாக வங்கிக்கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் 6 பேர் அன்றைக்கே எஃப்.பி.எக்ஸ் வழியாகக் கட்டியும் விற்பனையாகப் பதிவாகவில்லை. உண்மையில் போனவர்கள் 12 பேர்தான்.

மூன்று கூட்டங்களில் முதலாவது நின்று பார்க்கத் தக்கது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளத்தில் இருப்பவரின் செப்டம்பர் உழைப்புக்கான பணம் அக்டோபர் 7 வரை தாமதிக்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் அவ்வாண்டு 1,700 வெள்ளி. 180 வெள்ளிச் சேலை என்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். செப்டம்பர் 25இல் சேலையைத் தேர்ந்து கூடையில் போட்டு, முகவரியும் கொடுத்து, பணம் கட்டும் பக்கத்தில் நிறுத்துபவர் தயங்கவில்லை. தீபாவளிக்கு என்ன எடுப்பது என்று முடிவு செய்துவிட்டு, வீட்டில் காட்டிவிட்டு, சம்பளத்துக்குக் காத்திருக்கிறார். தோட்டத்துப் பழைய மளிகைக் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்துச் சம்பளம் வந்ததும் அடைத்த முறையில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு பக்கம் இருந்தது. வரைபடத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை. மாதக் கடைசியில் கோடு கிழித்ததும் காத்திருப்பவரெல்லாம் விலகியவர் ஆகிவிடுகிறார்.

அவர் அக்டோபரில் திரும்பி வந்து வாங்கினாலும் நிலைமை முழுதாகச் சீராவதில்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகளில் புனலை மூடிய வகையாக அமைத்தால், முதற்படியைக் கடந்தவர் மட்டுமே கணக்கில் நுழைவார். முதற்படி `view_item` என்றால், அக்டோபர் 6இல் ஏற்கெனவே நிரப்பிய கூடையை நேராகத் திறந்து பணம் கட்டியவர் அந்த மாதத்துப் புனலுக்குள் நுழையவே இல்லை. செப்டம்பர் படத்தில் அவர் விலகியவர். அக்டோபர் படத்தில் ஆளே இல்லை. விற்பனை நடந்தது, பணமும் வந்தது, ஆனால் இரு மாதப் புனலிலும் அவர் வாங்கியதாக இல்லை. திறந்த வகைப் புனல் அவரை அக்டோபரில் ஏற்றுக்கொள்ளும் என்றாலும் செப்டம்பரின் விலகல் அப்படியே நிற்கும்.

எஃப்.பி.எக்ஸ் வழியாகக் கட்டியவர்கள் தொலைவது எந்திரக் காரணத்தால். வாங்குபவர் கடையின் பக்கத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போகிறார், அங்கே ஒப்புதல் கொடுக்கிறார், பிறகு கடையின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். பல கடைகளில் `purchase` என்ற நிகழ்வு பதிவாவது அந்த நன்றிப் பக்கம் திறக்கும்போதுதான். பணம் போய்விட்டது என்று வங்கிச் செயலியில் கண்டதும் கைப்பேசியை மூடிவிடுபவர் உண்டு. திரும்பும் வழியில் அலைவரிசை விட்டுப்போவதும் உண்டு. வங்கியிலிருந்து கடையின் வழங்கிக்குத் தனியே வரும் உறுதிச் செய்தி ஆர்டரை நிறைவேற்றிவிடும், சேலையும் போய்ச் சேரும். வரைபடம் மட்டும் அவரை விலகியவராகவே வைத்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரே நாளின் ஆர்டர் எண்களையும் `purchase` நிகழ்வில் பதிவான எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவை விடுபட்டன என்று தெரிந்துவிடும். பகுப்பாய்வுக் கருவியை மட்டும் நம்பும் கடைகள் இந்த ஒப்பீட்டைச் செய்வதே இல்லை என்பது என் குறை.

இனி முகவரிப் படி. அங்கே விலகிய 48 பேரில் 6 பேர் புலனத்தில் வாங்கினார்கள், மற்ற 42 பேரும் போயே போய்விட்டார்கள் என்று கொள்வோம். ஆக உண்மையான இழப்பு முகவரியில் 42, பணத்தில் 12. வரைபடம் காட்டிய வரிசை தலைகீழாகிவிட்டது. காரணம் விலையில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. நகரத்துத் தாமான் வீட்டை மனத்தில் வைத்துச் செய்த படிவம் வீட்டு எண்ணையும் சாலைப் பெயரையும் கட்டாயம் கேட்கிறது. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண் இவைதான் முகவரி. பொட்டலம் பல இடங்களில் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக நீண்டகாலம் போராடியவர்கள். அவர்களைப் போன்றோரிடம் 'சாலைப் பெயர்' என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்டால் அவர்கள் எதை எழுதுவது?

இந்தக் கோளாறு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்குப் புள்ளியியல் காரணம் ஒன்று உண்டு. எந்த ஊர்க்காரர் அதிகம் விலகுகிறார் என்று அறிய, கடைக்காரர் அஞ்சல் குறியீட்டின்படி அட்டவணை போடுவார். பெஸ்தாரி ஜெயாவின் 45600, புக்கிட் ரோத்தானின் 45700, ஜெரத்தின் 45800 எல்லாவற்றிலும் நிலைமை ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். ஏனெனில் படிவத்தை முடித்தவர்களுக்கு மட்டுமே அஞ்சல் குறியீடு பதிவாகிறது. முடிக்க முடியாமல் போனவருக்கு ஊர் இல்லை. அட்டவணையில் இருப்பவர்கள் தப்பித்தவர்கள் மட்டுமே. அஞ்சல் குறியீட்டைப் படிவத்தின் முதல் கட்டமாக வைத்து, அதை நிரப்பியதுமே தனி நிகழ்வாகப் பதிவு செய்தால் இந்த மறைப்பு விலகும்.

காத்திருப்பையும் கோளாறையும் பிரித்தறிய ஒரு வழி, விலகலை நாள்காட்டியில் வைத்துப் பார்ப்பது. படிவக் கோளாறுக்குத் தேதி தெரியாது. மாதத்தின் 3ஆம் தேதியும் 23ஆம் தேதியும் அதற்கு ஒன்றுதான், ஆகவே விலகல் விகிதம் ஏறத்தாழச் சமமாக ஓடும். காத்திருப்பு அப்படியல்ல, மாதக் கடைசியில் குவிந்து, சம்பளம் விழும் நாள்களில் கரையும். அதோடு, படத்தை மாதக் கணக்கில் வரையாமல் நுழைந்த நாளின்படி மக்களைக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறைந்தது இரண்டு வாரம் முதிர அவகாசம் கொடுத்த பிறகே எண்ண வேண்டும். செப்டம்பர் 25இல் நுழைந்தவர்களைப் பற்றி அக்டோபர் 9க்கு முன் எதுவும் சொல்வதற்கில்லை. இதில் ஓர் எல்லையும் உண்டு. அம்மா தன் கைப்பேசியில் தேர்ந்து, இணைப்பை மகனுக்கு அனுப்பி, மகன் தன் கைப்பேசியில் வாங்கினால், உள்நுழைவு இல்லாத கடையில் அது ஒரு விலகலும் ஒரு விற்பனையுமாகவே பதிவாகும். தொலைபேசி எண்ணைக் கொண்டு இணைக்கலாம்தான். ஆனால் எண்ணைச் சேகரிப்பதற்கு 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தமிழில் கொடுக்கச் சட்டம் கேட்கவில்லை, அந்தச் சேலையை வாங்குபவர் கேட்கக்கூடும்.

வரைபடத்தை நம்பி எடுத்த முடிவு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்வதுதான் இவ்வகைப் பிழையின் மோசமான குணம். கடைக்காரர் அக்டோபர் 3இல் பத்து விழுக்காடு தள்ளுபடி அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5ஆம் தேதியிலிருந்து பணம் வரத் தொடங்குகிறது. பணப் படியின் விலகல் சரசரவென்று குறைகிறது. தள்ளுபடி வேலை செய்தது என்று அவர் எழுதிவைப்பார், அடுத்த தீபாவளிக்கும் அதையே செய்வார். எப்படியும் வாங்கவிருந்த 24 பேருக்குத் தலைக்கு 18 வெள்ளி, மொத்தம் 432 வெள்ளி கழித்துக்கொடுத்திருக்கிறார். முகவரிப் படிவத்தில் நின்ற 42 பேருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரக்கூட இல்லை, அவர்களுடைய எண் கடையிடம் இல்லாததால். காத்திருப்போரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் தள்ளுபடியைச் சொல்லியிருந்தால் 7ஆம் தேதி மாலைக்குள் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் பணம் கட்டுவதைக் கண்டிருக்கலாம். பன்னிரண்டு பன்னிரண்டு பேர் என்ற சிறு எண்ணில் துல்லியமான தீர்ப்பு கிடைக்காது. என்றாலும் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டு எண்ணிப் பார்க்கும் சோதனைக்குச் செலவே இல்லை; அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.